Rf 0.53 எப்படி 0.44 ஆனது: ஒரு ஸ்கிரீன்ஷாட்டின் நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "மிஸ், கரோட்டின் மட்டும் கரெக்டா வருது, மத்த மூணும் தப்பா வருது. திங்கட்கிழமை ரெக்கார்டு வைக்கணும்."

படத்தில் இருந்தது தாள் வண்ணப்பிரிகையின் முடிவு. பாலக்கீரையை அசிட்டோன் விட்டு அரைத்து, அந்தப் பச்சைச் சாற்றைத் தாள் பட்டையில் ஒரே இடத்தில் பல தடவை ஒற்றிக் காயவைத்து, பெட்ரோலியம் ஈதரும் அசிட்டோனும் 9:1 கலந்த கரைப்பானில் நிறுத்தும் வழக்கமான செய்முறை. கரைப்பான் தாளில் ஏற ஏற, கீரையின் நிறமிகளும் கூடவே ஏறி வெவ்வேறு உயரத்தில் பிரிந்து நிற்கும். பட்டையைப் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். அதன்மேல் போனிலேயே சிவப்புக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சென்டிமீட்டர் எழுதி, அந்தத் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறாள்.

அவள் எழுதியிருந்த அளவுகள் இவை: கரைப்பான் ஏறிய தூரம் 11.8. மேலிருந்து கீழாக, ஆரஞ்சு மஞ்சள் பட்டை 11.2, மஞ்சள் 9.2, நீலப்பச்சை 8.1, மஞ்சள் பச்சை 6.3. நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்: கரோட்டின், சாந்தோஃபில், குளோரோஃபில் ஏ, குளோரோஃபில் பி.

Rf என்பது ரிடென்ஷன் ஃபேக்டர். புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. அதன்படிதான் அவளும் வகுத்திருந்தாள். வந்த விடைகள் 0.95, 0.78, 0.69, 0.53. பாடக்குறிப்புகளில் இந்தக் கரைப்பானுக்கு வழக்கமாகத் தரும் மதிப்புகள் 0.95, 0.71, 0.65, 0.45. முதல் எண் அச்சு அசலாகப் பொருந்தியதால் அவள் தன் கணக்கைச் சந்தேகிக்கவில்லை. மற்ற மூன்று பட்டைகளைத்தான் சந்தேகித்தாள்.

உண்மையைச் சொன்னால் நானும் முதலில் வேறு பக்கம்தான் போனேன்.

என் முதல் ஊகம் கரைப்பான். 9:1 என்று எழுதியிருந்தாலும், பள்ளி ஆய்வகத்தில் அளவு உருளையில் அவசரமாக ஊற்றும்போது அசிட்டோன் கொஞ்சம் கூடிவிடுவது சகஜம். அசிட்டோன் முனைவுத்தன்மை உள்ள கரைப்பான். அது கூடினால், தாளோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ள குளோரோஃபில்களும் சாந்தோஃபில்லும் மேலே ஏறும். கரோட்டின் வெறும் ஹைட்ரோகார்பன், ஏற்கெனவே கரைப்பான் ஏறி நிற்கும் மேல் எல்லையான முகப்பை ஒட்டியே ஓடுவது. அதற்கு மேலே ஏற இடமே இல்லை, அதனால் அது மாறாது. அவளுடைய எண்களும் அதைத்தானே காட்டுகின்றன? கரோட்டின் அப்படியே இருக்கிறது, கீழே உள்ளவை எல்லாம் கூடியிருக்கின்றன. "அசிட்டோன் அதிகமாயிடுச்சும்மா" என்று தட்டச்சு செய்யக்கூடத் தொடங்கிவிட்டேன்.

அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் பட்டையின் கீழ்ப்பகுதி கண்ணில் பட்டது. தாளின் அடி விளிம்பு ஸ்கேலின் சைபரில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே, சரியாக 2-க்கு நேராக, மெல்லிய பென்சில் கோடு. கோட்டின் நடுவில் நகராமல் தங்கிப்போன சாற்றின் கறை, அழுக்குப் பச்சையாக, கடுகளவு.

கறை சொன்ன சாட்சி

சாறு ஒற்றிய இடம் பென்சில் கோடு. ஓட்டம் தொடங்குவதும் அங்கேதான். தாளின் அடிப்பகுதி கரைப்பானில் நனைவதற்காக விட்ட இடம். அந்த 2 சென்டிமீட்டரை எந்த நிறமியும் கடக்கவில்லை. 1944-இல் கான்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் மூவரும் தாளில் அமினோ அமிலங்களைப் பிரித்து Rf என்ற அளவைக் கொண்டுவந்தபோதும், பொருளின் நகர்வையும் கரைப்பானின் நகர்வையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் அதன் பொருள். நகர்வு என்றால் புறப்பட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும்.

இவளோ எல்லாவற்றையும் தாளின் விளிம்பிலிருந்து படித்திருக்கிறாள். ஸ்கேலைப் பார்த்து நேர்மையாகப் படித்த எண்கள்தான், ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஸ்கேலின் சைபரும் ஓட்டத்தின் சைபரும் ஒரே இடத்தில் இல்லை.

இதை அவளுக்கு நேரடியாகச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன்: "கோட்டு மேலேயே ஒரு கறை இருக்கு பாரு. அதுக்கு Rf என்ன வருது, போட்டுச் சொல்லு."

இரண்டு நிமிடம் கழித்து பதில் வந்தது: "2-ஐ 11.8-ஆல் வகுத்தா 0.17 மிஸ். ஆனா அது நகரவே இல்லையே?"

அவ்வளவுதான். நகராத பொருளுக்கு Rf சைபர் வர வேண்டும். கரைப்பானில் அசிட்டோன் எவ்வளவு கூடினாலும், குறைந்தாலும், தாள் ஈரமாக இருந்தாலும், தொடக்கக் கோட்டில் நிற்கும் கறைக்கு 0.17 வராது. வந்தால் தவறு அளவெடுத்ததில்தான். கரைப்பான் கோளாறும் சைபர் கோளாறும் எண்களில் ஒரே மாதிரி தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கறைதான்.

ஏன் ஒரே மாதிரி தெரிகின்றன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தொகுதியிலும் பகுதியிலும் ஒரே 2 சென்டிமீட்டர் கூடினால், எல்லா Rf மதிப்பும் 1-ஐ நோக்கி இழுக்கப்படும். 1-லிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்தத் தூரம் ஒரே விகிதத்தில் சுருங்கும். இந்தப் பட்டையில் அந்த விகிதம் 9.8/11.8, அதாவது 0.83. கரோட்டின் ஏற்கெனவே 1-க்குப் பக்கத்தில் இருப்பதால் அது 0.01-தான் நகரும். கீழே கிடக்கும் குளோரோஃபில் பி 0.09 நகரும். மேலே இருப்பது சரியாகத் தெரியும், கீழே போகப் போகப் பிழை பெருகும். மாணவர்கள் பொதுவாக முதல் பட்டையை மட்டும் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு நிம்மதி அடைவார்கள். இந்தப் பிழை ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

திருத்தியபோது வந்த இன்னொரு தவறு

"அப்போ 2 கழிக்கணுமா மிஸ்?" என்றாள். ஆமாம் என்றேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் புதிய அட்டவணை வந்தது: 0.78, 0.61, 0.52, 0.36. கூடவே, "இப்போ எல்லாமே தப்பா வருது."

புள்ளிகளில் 2 கழித்திருக்கிறாள், கரைப்பானில் கழிக்கவில்லை. 9.2-ஐ 11.8-ஆல் வகுத்திருக்கிறாள். குற்றம் என் பக்கம். எதிலிருந்து கழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கரைப்பானும் அதே கோட்டிலிருந்துதான் பந்தயத்தைத் தொடங்கியதாகக் கணக்கு. சாற்றைத் தொடுவதற்கு முன் அது ஏறிய 2 சென்டிமீட்டர் யாருக்கும் சேராது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க கரோட்டினே போதும். 0.78 என்று வந்தால், முகப்புக்கும் ஆரஞ்சுப் பட்டைக்கும் நடுவே 2 சென்டிமீட்டருக்கு மேல் வெள்ளைத் தாள் தெரிய வேண்டும். படத்தில் அரை விரல்கடைகூட இல்லை. அளந்தால் 6 மில்லிமீட்டர்.

இரண்டிலும் கழித்த பிறகு கணக்கு இப்படி வந்தது:

```
Rf = (புள்ளி - கோடு) / (முகப்பு - கோடு)

முகப்பு - கோடு = 11.8 - 2.0 = 9.8

கரோட்டின்         9.2 / 9.8 = 0.94
சாந்தோஃபில்       7.2 / 9.8 = 0.73
குளோரோஃபில் ஏ    6.1 / 9.8 = 0.62
குளோரோஃபில் பி    4.3 / 9.8 = 0.44
```

புத்தக எண்களோடு எதுவும் அச்சடித்தாற்போல் பொருந்தவில்லை என்பதைக் கவனிக்கலாம். கரோட்டின்கூட இப்போது 0.95 இல்லை, 0.94. "முதல்ல சரியா இருந்தது இப்ப மாறிடுச்சே" என்று அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். முதலில் பொருந்தியதுதான் தற்செயல்.

படத்தை நம்பலாமா?

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. சிவப்புக் கோடுகளை அவள் விரலால் போட்டிருக்கிறாள். பட்டையை மறுபடி அளந்து பார் என்று சொல்ல வழியில்லை. இரண்டு நாள் ஜன்னலோரம் கிடந்ததில் பச்சை வெளுத்துப்போய்விட்டதாம். குளோரோஃபில் வெளிச்சத்தில் நிற்காது; அதனால்தான் தாளை வெளியே எடுத்த உடனே ஒவ்வொரு நிறப் பட்டையையும் பென்சிலால் சுற்றி வைக்கச் சொல்வோம். இவள் சுற்றவில்லை. ஆக, அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் ஆதாரம்.

நல்லவேளையாக Rf ஒரு விகிதம். படம் பெரிதா சிறிதா, எந்தப் போனில் எடுத்தது, வாட்ஸ்அப் எவ்வளவு சுருக்கியது என்பதெல்லாம் வகுக்கும்போது அடிபட்டுப் போகும். சென்டிமீட்டரே தேவையில்லை, பிக்செலே போதும். படத்தைக் கணினியில் திறந்தேன். பெயின்ட் மாதிரி சாதாரண மென்பொருளில் சுட்டியை வைத்தாலே கீழே ஓரத்தில் இரண்டு எண்கள் தெரியும். இரண்டாவது எண்தான் மேலிருந்து கீழாக எண்ணும் உயரம்.

அந்த "மேலிருந்து கீழாக" என்பதில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் சைபர் உச்சியில் இருக்கிறது. அந்த எண்களை அப்படியே வகுத்தால் கீழே உள்ள புள்ளிக்குப் பெரிய எண்ணும் முகப்புக்குச் சின்ன எண்ணும் வந்து, Rf 1-ஐத் தாண்டிவிடும். Rf 1-ஐத் தாண்டினால் நிறமி கரைப்பானை முந்திவிட்டது என்று பொருள், அது நடக்காத காரியம். இங்கேயும் வழி அதேதான்: எல்லாவற்றையும் தொடக்கக் கோட்டிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். சைபர் எங்கிருந்தாலும் அப்புறம் கவலையில்லை.

தொடக்கக் கோடு 1820-இல் இருந்தது, முகப்பு 520-இல். இடையே 1300 பிக்செல். சிவப்புக் கோடுகளைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு நிறப் பட்டையின் நடுவையும் நானே பார்த்துக் குறித்தேன்:

```
(1820 -  599) / 1300 = 0.94
(1820 -  866) / 1300 = 0.73
(1820 - 1008) / 1300 = 0.62
(1820 - 1247) / 1300 = 0.44
```

நான்கும் ஒத்துப்போயின. அவள் விரலால் போட்ட கோடுகள் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. அந்தக் கோடு ஒன்றின் தடிமனே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆனால் எல்லாக் கோடுகளுக்கும் நடுப்பகுதியையே எடுத்திருந்ததால் அது பாதிக்கவில்லை.

விகிதம் எடுத்தால் அடிபடாதது ஒன்று உண்டு, அது சாய்வு. பட்டையை மேசையில் வைத்து, போனைக் கீழ்ப்பக்கமிருந்து சாய்த்துப் படமெடுத்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் அடிப்பகுதி நீண்டும் மேற்பகுதி குறுகியும் விழும். அப்போது நடுவில் இருக்கும் புள்ளி உண்மையைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும். இதைச் சோதிக்கப் படத்தில் ஸ்கேல் இருந்தது பெரிய உதவி. 1-லிருந்து 3 வரை எத்தனை பிக்செல், 10-லிருந்து 12 வரை எத்தனை பிக்செல் என்று எண்ணினேன். கீழே 268, மேலே 262. வித்தியாசம் சுமார் 2 சதவீதம். அதனால் நடுப்புள்ளிக்கு வரும் பிழை 0.003-கூட இல்லை. விட்டுவிடலாம். இரண்டு முனைக்கும் 20 சதவீதம் வித்தியாசம் இருந்திருந்தால் பிழை 0.03 அளவுக்குப் போயிருக்கும், அந்தப் படத்தை நான் ஏற்றிருக்க மாட்டேன். ஸ்கேல் இல்லாமல் எடுத்த படமாக இருந்தால் இதைச் சோதிக்கவே முடியாது.

முகப்புக் கோடு

அடுத்து அவளிடம் கேட்டது: "மேல் கோடு எப்ப போட்ட?" பட்டையை வெளியே எடுத்த உடனே பென்சிலால் போட்டதாகச் சொன்னாள். பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்புக் கோட்டுக்கு அடியில் பென்சில் தடம் உண்மையாகவே தெரிந்தது. நிம்மதி. பெட்ரோலியம் ஈதர் கண்மூடித் திறப்பதற்குள் உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகு முகப்பு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட சமயத்தில் பிள்ளைகள் ஆரஞ்சுப் பட்டையின் மேல் விளிம்பையே முகப்பாக வைத்துக்கொண்டு கரோட்டினுக்கு 0.99 என்று எழுதி வருவார்கள்.

முகப்பைத் தவறாகக் குறித்தால் வரும் பிழைக்குத் தனி முகம் உண்டு. அவள் 3 மில்லிமீட்டர் மேலே குறித்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். 9.8-க்குப் பதில் 10.1. கரோட்டின் 0.94-லிருந்து 0.91 ஆகும், குளோரோஃபில் பி 0.44-லிருந்து 0.43 மட்டும். அதாவது மேலே உள்ளது அதிகம் அடிபடும், கீழே உள்ளது தப்பித்துவிடும். சைபர் பிழையோ நேர் தலைகீழ். எனக்கு ஒரு அட்டவணை வந்தால் நான் முதலில் பார்ப்பது எந்த முனை புத்தகத்தைவிட்டு விலகுகிறது என்பதைத்தான். கீழ் முனை விலகினால் தொடக்கக் கோட்டை விசாரிப்பேன், இல்லையென்றால் கரைப்பானை. மேல் முனை விலகினால் முகப்பு.

அப்புறம் தசம இடங்கள். அவளுடைய முதல் அட்டவணையில் 0.533898 என்று ஆறு இலக்கம் இருந்தது. கால்குலேட்டர் தந்ததை அப்படியே இறக்கியிருக்கிறாள். குளோரோஃபில் பி பட்டை இந்தப் படத்தில் கீழே வால் விட்டு, 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது. அதன் நடு எது என்று இரண்டு பேர் பார்த்தால் 2 மில்லிமீட்டர் முன்பின் சொல்வார்கள். 9.8-இல் 0.2 என்பது 0.02. ஆகவே 0.44 என்பதே தாராளமான துல்லியம், 0.42-லிருந்து 0.46 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். புத்தகத்தின் 0.45 அதற்குள் வருகிறது. குளோரோஃபில் ஏ 0.62, புத்தகம் 0.65, சாந்தோஃபில் 0.73, புத்தகம் 0.71. ஒன்று குறைகிறது, ஒன்று கூடுகிறது. இதற்கெல்லாம் ஒரே காரணம் தேட வேண்டியதில்லை. தாளின் ஈரம், அறையின் சூடு, ஜாடிக்குள் ஆவி நிறைந்திருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து இவ்வளவு ஆடும்.

கல்லூரியில் படிக்கும் அவளுடைய அக்கா வேறு குழப்பியிருந்தாள். "எங்க லேப்ல சாந்தோஃபில் குளோரோஃபில்லுக்குக் கீழதான் வந்துச்சு, நீ மாத்திக் குறிச்சிருக்க" என்று. அக்கா சொன்னதும் சரிதான், ஆனால் அவள் ஓட்டியது சிலிக்கா பூசிய தகட்டில். சிலிக்கா சாந்தோஃபில்லை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே அது இரண்டு குளோரோஃபில்களுக்கும் கீழே நிற்கும். தாளில் இந்தக் கரைப்பானோடு ஓட்டினால் மேலே வரும். எதன்மேல், எந்தக் கரைப்பானில் என்று பக்கத்திலேயே எழுதாத Rf மதிப்பை வேறொருவரின் மதிப்போடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ரெக்கார்டில் அட்டவணைக்கு மேலே "வாட்மன் 1 தாள், பெட்ரோலியம் ஈதர்–அசிட்டோன் 9:1" என்று எழுதச் சொன்னேன். முதல் பிரதியில் அந்த வரி இல்லை.

அட்டவணையிலும் ஒரு மாற்றம் செய்யச் சொன்னேன். ஸ்கேலில் படித்த எண்ணுக்கு ஒரு பத்தி, கோட்டைக் கழித்த தூரத்துக்கு ஒரு பத்தி, முதல் வரிசையில் தொடக்கக் கோடு 2.0 என்றும் அதன் Rf 0 என்றும். தேர்வாளர் கேட்டால் எங்கிருந்து எந்த எண் வந்தது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

இரவு பத்தரைக்குத் திருத்திய பக்கத்தின் படம் வந்தது. நான்கு மதிப்புகளும் சரியாக இருந்தன. கடைசியாக ஒரு கேள்வி: "மிஸ், ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவுல சாம்பல் மாதிரி லேசா ஒண்ணு இருக்கு. அதை விட்டுடலாமா? புக்ல நாலுதான் இருக்கு."

ஸ்கிரீன்ஷாட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். இருந்தது, ஸ்கேலில் 10.4-க்கு நேராக, கண்ணை இடுக்கினால்தான் தெரியும். 8.4-ஐ 9.8-ஆல் வகுத்தால் 0.86. கீரையை அரைக்கும்போது செல்லுக்குள்ளிருக்கும் அமிலம் குளோரோஃபில்லின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைக் கழற்றிவிட்டால் உண்டாகும் ஃபியோஃபைட்டின் இந்த நிறத்தில், இந்த இடத்தில்தான் வரும். ஆனால் பக்கத்தில் சுத்தமான ஃபியோஃபைட்டினை ஓட்டிப் பார்க்காமல் வெறும் 0.86-ஐ வைத்து அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஐந்தாவது வரிசை ஒன்று சேர்த்து, நிறம் சாம்பல், தூரம் 8.4, Rf 0.86, பெயர் என்ற இடத்தில் "ஃபியோஃபைட்டினாக இருக்கலாம்" என்று எழுதச் சொன்னேன்.